பிரிட்டனில் ஐந்து நாள் வேலையை நான்கு நாளாக்கும்போது: சம்பளம், லீவு, பென்ஷன் கணக்கு

வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்தால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டு ஹெச்.ஆர். பிரிவுக்குப் போகிறார்கள். கணக்கு அப்படி வராது. கைக்கு வரும் சம்பளம் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கும். முதலாளி போடும் பென்ஷன் பணமோ அதைவிட அதிகமாக இறங்கக்கூடும். லீவு நாள்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஓய்வாக இருக்கும் வாரங்கள் குறையாது. விசாவுக்கான வருமான வரம்பு உங்கள் வேலை நேரத்தைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இவற்றை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இங்கே சொல்லும் வேலைச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தின் சட்டம் தனி. வருமான வரி, பேங்க் ஹாலிடே கணக்குகளை இங்கிலாந்து, வேல்ஸை வைத்துப் போட்டிருக்கிறோம். ஸ்காட்லாந்தில் வரி விகிதமும் விடுமுறைப் பட்டியலும் வேறு.

முதலில்: எந்த நான்கு நாள்?

'ஃபோர் டே வீக்' என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, மணிநேரமும் சம்பளமும் சேர்ந்து குறைவது. வாரம் 37.5 மணிநேரம் என்பது 30 ஆகும், சட்டப்படி நீங்கள் பகுதிநேர ஊழியர் ஆவீர்கள். இரண்டாவது, அதே 37.5 மணிநேரத்தை நான்கு நாளில் அடைப்பது. இதில் சம்பளம் மாறாது, ஆனால் ஒவ்வொரு நாளும் 9 மணி 22 நிமிடத்துக்குச் சற்று மேல் வேலை, அதற்கு வெளியே மதிய இடைவேளை வேறு. மூன்றாவது, மணிநேரம் குறைந்தும் சம்பளம் குறையாமல் இருப்பது. 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை பிரிட்டனில் 61 நிறுவனங்கள் சேர்ந்து சோதித்துப் பார்த்தது இதைத்தான். ஆனால் இது நிறுவனமே முழுதாக எடுக்கும் முடிவு. தனி ஊழியர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டு வாங்குவது அபூர்வம்.

உங்கள் மேலாளர் வாய்மொழியாக 'சரி, நாலு நாள் வாங்க' என்று சொன்னால், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடுங்கள். அவர் இரண்டாவதை நினைத்துச் சொல்லியிருக்க, பேரோல் பிரிவு முதலாவதாக எடுத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைத்துவிடுவது நடக்கிற கதைதான்.

இனி வருவது பெரும்பாலும் முதல் வகை பற்றியது, ஏனென்றால் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கணக்குக்கு ஓர் ஆள்

லண்டனில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 36,000 பவுண்ட், வாரம் 37.5 மணிநேரம், ஒரு நாளைக்கு 7.5 மணி. ஆண்டுக்கு 25 நாள் லீவு, அதோடு 8 பேங்க் ஹாலிடே. லீவு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2026 ஜூலை 1 முதல் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு 30 மணிநேரத்துக்கு மாற விரும்புகிறார்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் மணிக்கணக்கில் மாற்றிக்கொள்ள வேண்டும். 30-ஐ 37.5-ஆல் வகுத்தால் 0.8. இந்த 0.8 தான் அவருடைய பங்கு. நாள்களை எண்ணி இந்தப் பங்கைப் போட்டால், திங்கள் முதல் வியாழன் வரை 8 மணியும் வெள்ளிக்கிழமை 5.5 மணியும் வேலை செய்கிறவருக்குத் தவறாகவே வரும். அவர் வெள்ளியை விட்டால் மீதி 32 மணி, அதாவது பங்கு 0.8 அல்ல, 0.853. சம்பளத்தில் அது ஐந்து சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து, நாள் வாரியாக உங்கள் மணிநேரம் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொட வேண்டும்.

சம்பளமும் பென்ஷனும்

36,000-இன் 0.8 பங்கு 28,800 பவுண்ட். 7,200 பவுண்ட் போகிறது. ஆனால் போகும் அந்த 7,200 மீது அவர் ஏற்கெனவே 20 சதவீத வருமான வரியும் 8 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்டிக்கொண்டிருந்தார். வரியில்லா வரம்பான 12,570 பவுண்ட் முழுதாக அப்படியே இருக்கிறது. எனவே பென்ஷன் பிடித்தத்தைச் சேர்க்காமல் பார்த்தால், கைக்கு வருவது ஆண்டுக்குச் சுமார் 29,440-இலிருந்து 24,256 ஆகும். மாதத்துக்கு 432 பவுண்ட் குறைவு, அதாவது 17.6 சதவீதம். குடும்ப பட்ஜெட் போடும்போது இந்த 432-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், 600-ஐ அல்ல. நர்சரிக் கட்டணத்தில் ஒரு நாள் மிச்சமாகிறது என்றால் அதையும் இதனோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பென்ஷனில் கதை தலைகீழ். பல நிறுவனங்கள் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை மட்டுமே கட்டுகின்றன: 6,240 பவுண்டுக்கும் 50,270 பவுண்டுக்கும் இடைப்பட்ட சம்பளத்தில் முதலாளி 3 சதவீதம், ஊழியர் பக்கம் 5 சதவீதம். இந்த 6,240 என்ற கீழ் வரம்பு நீங்கள் எத்தனை நாள் வேலை செய்தாலும் மாறாது. முன்பு 29,760 பவுண்டுக்கு முதலாளி போட்டது 893 பவுண்ட். இப்போது 22,560-க்கு 677 பவுண்ட். சம்பளம் 20 சதவீதம் குறைய, முதலாளியின் பங்கு 24 சதவீதம் குறைந்திருக்கிறது. சம்பளம் முழுவதுக்கும் பென்ஷன் கணக்கிடும் நிறுவனமாக இருந்தால் இந்தக் கூடுதல் இழப்பு கிடையாது. உங்களுடையது எந்த வகை என்பது பேஸ்லிப்பிலேயே தெரிந்துவிடும். முதலாளி போட்ட தொகையை மாதச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். சரியாக 3 சதவீதம் வந்தால் முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிறார்கள், அதற்குக் கீழே வந்தால் வரம்பு கழித்துக் கட்டுகிறார்கள்.

இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் குறைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்தால், முதலாளி உங்களைத் தானாகப் பென்ஷனில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு இடத்தில் பகுதிநேரமாக உழைத்தாலும் வரம்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே பார்க்கப்படும்.

லீவு: அதிகம் தவறு நடக்கும் இடம்

சட்டப்படி எல்லாருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. ஐந்து நாள்காரருக்கு அது 28 நாள், நான்கு நாள்காரருக்கு 22.4 நாள். நாள் குறைந்தாலும் வாரம் அதே 5.6 தான். நான்கு நாள் லீவு எழுதினால் ஒரு வாரம் முழுக்க வீட்டில் இருக்கலாம் அல்லவா, அதனால் இதில் நஷ்டம் எதுவும் இல்லை. 22.4-ஐ 22 என்று கீழே முழுமையாக்க முதலாளிக்கு உரிமை கிடையாது.

நமது ஆளுக்கு ஒப்பந்தப்படி 25-உம் 8-உம் சேர்த்து 33 நாள், அதாவது 247.5 மணி. நான்கு நாளுக்கு மாறிய பிறகு முழு ஆண்டுக்கு 198 மணி. நாளாகப் பார்த்தால் 26.4. இதில் பேங்க் ஹாலிடேயையும் உள்ளே சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அதுதான் முக்கியம்.

25 நாளை மட்டும் 20 ஆகக் குறைத்துவிட்டு, 'பேங்க் ஹாலிடே உங்கள் வேலை நாளில் விழுந்தால் லீவு, விழாவிட்டால் இல்லை' என்று சொல்லும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் எட்டு விடுமுறைகளில் ஐந்து திங்கள்கிழமை, இரண்டு வெள்ளி, ஒன்று வியாழன். வெள்ளியை விட்டவருக்கு ஆறு விடுமுறை கிடைக்கும். திங்களை விட்டவருக்கு மூன்றே மூன்று. ஒரே சம்பளம், ஒரே மணிநேரம், ஆனால் மூன்று நாள் வித்தியாசம். 2000-ஆம் ஆண்டின் பகுதிநேர ஊழியர் விதிமுறைகள், பகுதிநேரம் என்பதற்காக ஒருவரை மோசமாக நடத்தக் கூடாது என்கின்றன. ஆனால் வாரம் ஏழு நாளும் இயங்கும் ஒரு நிறுவனத்தில் திங்கள்கிழமை வேலை செய்யாத ஒருவர் தொடுத்த வழக்கு, 2007-இல் ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றத்தில் தோற்றது. அங்கே திங்களன்று வேலை இல்லாத முழுநேர ஊழியருக்கும் அதே நிலைதான் என்பது அதற்குக் காரணம். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், மொத்த மணிநேரத்தை ஒரே கணக்கில் போட்டு, பேங்க் ஹாலிடே உங்கள் வேலை நாளில் வந்தால் அதிலிருந்து 7.5 மணி கழிப்பது என்று எழுதி வாங்குங்கள். அப்படிச் செய்தால், எந்தக் கிழமையை விட்டாலும் மொத்தம் 198 மணிதான். திங்களை விட்டவருக்குப் பண்டிகைக்கோ ஊருக்குப் போவதற்கோ எடுக்கக்கூடிய சொந்த லீவு 23.4 நாள் மிஞ்சும், வெள்ளியை விட்டவருக்கு 20.4 நாள். எந்த நாளை விடுவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது ஆண்டின் நடுவில் மாறுவதைப் பார்ப்போம். நமது ஆள் ஜூலை 1-இல் மாறுகிறார். முதல் ஆறு மாதம் அவர் முழுநேரம் உழைத்தவர், அந்தக் காலத்துக்கான லீவு 247.5-இல் பாதி, 123.75 மணி. அடுத்த ஆறு மாதத்துக்கு 198-இல் பாதி, 99 மணி. ஆண்டு மொத்தம் 222.75 மணி. ஜூன் முடிவதற்குள் எட்டு நாள் சொந்த லீவும் ஐந்து பேங்க் ஹாலிடேயும் போய்விட்டன, அதாவது 97.5 மணி. மீதி 125.25 மணி. ஆகஸ்ட் 31, டிசம்பர் 28 என இரண்டு திங்கள் விடுமுறைகளுக்கு 15 மணி கழித்தால் 110.25 மணி, அல்லது 14.7 நாள், அவர் கையில் இருக்கும். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருவதால் அதற்குக் கழிக்க வேண்டியதில்லை.

ஹெச்.ஆர். மென்பொருளில் புதிய பங்கை உள்ளிடும்போது, தொடங்கும் தேதியைப் போடாமல் விட்டால் ஆண்டு முழுவதற்கும் 198 மணி என்று மாறிவிடும். மீதி 11.4 நாள் என்று திரையில் காட்டும். 3.3 நாள் சத்தமில்லாமல் போயிருக்கும். முழுநேரமாக உழைத்துச் சேர்த்த லீவைப் பிற்பாடு மணிநேரம் குறைந்தது என்பதற்காக வெட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல், ஆஸ்திரியாவின் டிரோல் மாநில வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாறுவதற்கு முந்தைய நாள் உங்கள் லீவு இருப்பு காட்டும் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த நாள் அந்த எண் இருந்த இடத்தில் வேறு எண் இருக்கும், பழையதைக் காட்ட யாராலும் முடியாது.

37.5 மணியை நான்கு நாளில் அடைக்கிறவர்களுக்கு மொத்தம் 247.5 மணி அப்படியே இருக்கும், ஆனால் ஒரு நாள் லீவு எடுத்தால் 9.375 மணி கழியும். வகுத்துப் பார்த்தால் அவர்களுக்கும் 26.4 நாள்தான். 'சம்பளம் குறையவில்லையே, எனக்கு ஏன் 33 நாள் இல்லை' என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஒரு நாள் என்பதன் நீளம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

விசா வரம்பு

நம்மவர்கள் பலர் இடறி விழுவது இங்கேதான். ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இரண்டு வரம்புகள் உண்டு. அந்தத் தொழிலுக்கான விகிதம் வேலை நேரத்துக்கு ஏற்பக் குறைக்கப்படும். பொது வரம்பு குறைக்கப்படாது. 2025 ஜூலை 22 முதல் புதிதாக வருபவர்களுக்கு அந்தப் பொது வரம்பு 41,700 பவுண்ட். 50,000 வாங்கும் ஒருவர் நான்கு நாளுக்கு மாறினால் 40,000 ஆகிவிடும், நேரடியாக வரம்புக்குக் கீழே. மருத்துவத் துறை, முன்பே விசா பெற்றவர்கள், புதிதாகத் தொழிலில் நுழைபவர்கள் ஆகியோருக்கு வேறு வரம்புகள் இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவது எது என்று ஸ்பான்சர்ஷிப் சான்றிதழைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சம்பளம் குறைந்தால் நிறுவனம் அதை உள்துறை அலுவலகத்துக்கு 10 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே மேலாளரிடம் பேசுவதற்கு முன்பு, நிறுவனத்தில் விசா விவகாரங்களைப் பார்ப்பவரிடம் பேசுங்கள்.

பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களும் தப்பவில்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கணவனையோ மனைவியையோ அழைப்பதற்கு, 2024 ஏப்ரல் 11-க்குப் பிறகு முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் தேவை. நமது ஆளின் புதிய சம்பளம் 28,800. இருநூறு பவுண்டில் போய்விட்டது. கடைசி ஆறு மாதத்தில் இருந்த சம்பள அளவுகளில் குறைந்ததைத்தான் எடுப்பார்கள் என்பதால், விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பு நான்கு நாளுக்கு மாறினாலும் அது பாதிக்கும். இதற்கு வழி எளிது. 30-க்குப் பதில் 30.5 மணிநேரம் என்று கேட்டால் சம்பளம் 29,280. ஒரு நாளைக்கு ஏழரை நிமிடம் கூடுதல்.

மற்றவை, சுருக்கமாக

மகப்பேறு ஊதியம் சராசரி வாரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். அதற்கு எடுத்துக்கொள்வது, பிரசவ தேதிக்கு 15 வாரம் முந்தைய வாரத்தோடு முடியும் சுமார் எட்டு வாரம். முதல் ஆறு வாரம் கிடைக்கும் 90 சதவீதம் அந்தச் சராசரியின் மீதுதான். எனவே அந்தக் காலத்துக்குச் சற்று முன்பு மணிநேரத்தைக் குறைத்தால் மகப்பேறு ஊதியமும் குறையும். ஆள்குறைப்பில் சட்டப்படி தரும் தொகையும் அன்றைய வாரச் சம்பளத்தை வைத்தே போடப்படும், பத்து வருடம் முழுநேரம் உழைத்திருந்தாலும் சரி. நிறுவனத்தில் ஆள்குறைப்புப் பேச்சு அடிபடும் நேரத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் தரும் காப்பீடு சம்பளத்தின் மடங்காக இருந்தால் அதுவும் குறையும். மருத்துவக் காப்பீட்டைப் பாதியாக வெட்டித் தர முடியாது, அது பொதுவாக முழுதாகவே தொடரும்.

ஓவர்டைம் பற்றி ஒரு ஏமாற்றம் உண்டு. 30 மணியைத் தாண்டி 34 மணி உழைத்தால் அந்த நான்கு மணிக்கும் சாதாரண விகிதமே தரலாம். முழுநேரக்காரரின் 37.5-ஐத் தாண்டிய பிறகுதான் ஒன்றரை மடங்கு கேட்கும் உரிமை வருகிறது.

கேட்பது எப்படி

2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம். மேல்முறையீடு உட்பட எல்லாம் இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும், உங்களோடு கலந்து பேசாமல் மறுக்கவும் கூடாது. கடிதத்தில் தேதி, இது சட்டப்படியான கோரிக்கை என்ற வாசகம், என்ன மாற்றம் வேண்டும், எந்தத் தேதியிலிருந்து, இதற்கு முன்பு எப்போதாவது கேட்டீர்களா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். 'சட்டப்படியான கோரிக்கை' என்ற வாசகத்தை விட்டுவிட்டால் அதைச் சாதாரண வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு கிடப்பில் போடுவார்கள்.

மறுப்பதற்குச் சட்டத்தில் எட்டுக் காரணங்கள் மட்டுமே இருக்கின்றன. செலவு கூடும், வாடிக்கையாளர் தேவையைச் சமாளிக்க முடியாது, வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துத் தர முடியாது, புது ஆள் கிடைக்காது, வேலையின் தரம் பாதிக்கும், செயல்திறன் பாதிக்கும், நீங்கள் கேட்கும் நேரத்தில் போதிய வேலை இல்லை, அமைப்பையே மாற்றப் போகிறோம். நடைமுறையில் மூன்றாவதுதான் அதிகம் வரும். அதனால் கடிதத்திலேயே, உங்கள் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பேமெண்ட் ரன்னை வியாழனுக்கு மாற்றுவது, மாதக் கடைசி வெள்ளியாக இருந்தால் அந்த வாரம் மட்டும் நாளை மாற்றிக்கொள்வது என்ற அளவுக்குத் திட்டவட்டமாக இருக்க வேண்டும். வேலை குறையாமல் சம்பளம் மட்டும் குறைவதைத் தடுக்கவும் இந்தப் பத்திதான் பின்னால் உதவும்.

ஒப்புக்கொண்டதும் இது நிரந்தர மாற்றம் என்பதை மறக்காதீர்கள். வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, ஆறு மாதம் கழித்து ஐந்து நாளுக்குத் திரும்பும் உரிமை உங்களுக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் மூன்று மாத சோதனைக் காலம், முடிவில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று எழுதி வாங்குங்கள். திருத்தப்பட்ட ஒப்பந்தத்தில் வார மணிநேரம், எந்தெந்தக் கிழமை, ஆண்டுச் சம்பளம், லீவு மணிநேரம், பேங்க் ஹாலிடே கணக்கு, தொடங்கும் தேதி எல்லாம் எண்களாகவே இருக்கட்டும். 'ப்ரோ ராட்டா' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்த கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் பேஸ்லிப்

நமது ஆளுக்கு ஜூலை மாத மொத்தச் சம்பளம் 2,400 பவுண்ட் வர வேண்டும். 1,920 வந்திருந்தால் ஏற்கெனவே குறைத்த 28,800-ஐ மென்பொருள் மறுபடி 0.8-ஆல் பெருக்கியிருக்கிறது. முழுநேரச் சம்பளம் என்ற கட்டத்தில் 36,000-க்குப் பதில் 28,800-ஐ யாரோ உள்ளிட்டதால் வரும் பிழை இது. 3,000 வந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், மாற்றம் பேரோலுக்குப் போய்ச் சேரவில்லை. அதிகமாகக் கொடுத்ததைப் பின்னால் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு, மூன்று நான்கு மாதம் கழித்து மொத்தமாகப் பிடித்தால் அந்த மாதம் வாடகைக்கே திண்டாட்டமாகிவிடும். மாதத்தின் நடுவில் மாறியவர்கள், அந்த மாதத்தை வேலை நாள் கணக்கில் பிரித்தார்களா காலண்டர் நாள் கணக்கில் பிரித்தார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் ஒன்றாம் தேதியிலிருந்தே மாறுவது எல்லாருக்கும் வேலை மிச்சம்.

பகுதிநேரம் என்பதால் உங்களுக்கு ஏதாவது குறைவாகத் தரப்படுகிறது என்று தோன்றினால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முதலாளி 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பெரும்பாலான லீவுக் கணக்குப் பிழைகள் இந்தக் கடிதம் போன சில நாளிலேயே திருத்தப்பட்டுவிடும்.